புதிய ஆள் கேட்டு எச்.ஆருக்கு எழுதும் எட்டு வரி: ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு நான்காவது ஆள் கேட்டு நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். "வேலைப்பளு மிக அதிகம்", "பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லாப் பிரிவிலிருந்தும் எச்.ஆருக்கு இதே வாக்கியங்கள்தான் போகின்றன. எண் இல்லாத கடிதத்தை அவர்கள் பதில் சொல்லாமல் ஓரமாக வைத்துவிட முடியும்.

கணக்கை நிமிடத்தில் போடுங்கள். ஒரு நாளைக்கு 900 பீஸ், பீஸுக்கு 102 வினாடி என்றால் 1,530 நிமிட வேலை. எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ, கேஜ் சரிபார்ப்பு போக ஒருவருக்குக் கையில் நிற்பது 420 நிமிடம். மூன்று பேருக்கு 1,260. பற்றாக்குறை 270. இதோடு நிறுத்திவிட்டால், "அரை ஆளுக்குக் கொஞ்சம் மேலேதானே, சமாளியுங்கள்" என்று பதில் வரும். லீவு இன்னும் கணக்கில் வரவில்லை. ஆளுக்கு மாதம் ஒன்றரை நாள் என்றால், 26 வேலை நாளில் பரவலாகப் பார்க்க, தினம் இன்னொரு 73 நிமிடம் போய்விடுகிறது. மொத்தம் 343 நிமிடம். மாதத்துக்குச் சுமார் 148 மணி நேரம்.

இந்த 148-ஐ ஓ.டி. ரிஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். மூன்று மாத சராசரியும் அதன் பக்கத்தில் வந்தால் கணக்கு நிற்கும். ரிஜிஸ்டரில் 90 மணிதான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: ஸ்டாப்வாட்சில் எடுத்த 102 வினாடி தவறு, அல்லது சில பீஸ்கள் பார்க்கப்படாமலே பெட்டிக்குள் போகின்றன. எது என்று தெரியாமல் கடிதத்தை அனுப்பாதீர்கள். ஆர்டர் குவிந்த ஒரே மாதத்தை எடுத்துக் காட்டுவதும் வேண்டாம். அதற்கு மூன்று மாத ஒப்பந்த ஆள்தான் கிடைப்பார், நிரந்தர இடம் கிடைக்காது.

இனி பணம். 18,000 சம்பளத்தை 26 நாள், 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 86.50. ஓ.டி. இரட்டிப்பு என்பதால் 173. 148 மணிக்கு மாதம் 25,600 ரூபாய். புதியவருக்கு 18,000, பி.எஃப்.-ஐ 15,000 வரம்பில் கட்டினால் நிர்வாகக் கட்டணத்தோடு 1,950, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 585. போனஸ், கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 2,400 அளவில். ஆக 22,900. மிச்சம் 2,700தான். இதைப் பெரிய சேமிப்பு என்று ஊதினால் ஃபைனான்ஸ் சிரிக்கும். பலமான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது: 148 மணியை மூன்று பேருக்குப் பிரித்தால், காலாண்டுக்கு ஆளுக்கு 148 மணி ஓ.டி. வருகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த வரம்பு 50 மணி. இப்போது உங்கள் யூனிட்டுக்குப் பொருந்தும் வரம்பு எது என்று எச்.ஆரிடமே கேட்டு, அந்த எண்ணை எழுதுங்கள். தங்கள் தலைக்கு வரும் சிக்கல் என்று தெரிந்தால் அவர்களே கோப்பை நகர்த்துவார்கள்.

"ஓ.டி. உடனே நின்றுவிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். டிராயிங் படித்துத் தனியாகக் கையெழுத்துப் போட புதியவருக்கு ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை இரண்டு செலவும் சேர்ந்தே ஓடும். "கோ-நோகோ கேஜ் வாங்கினால் ஆள் தேவையில்லையே" என்றும் கேட்பார்கள். கேஜ் எந்த அளவுகளுக்குப் பொருந்தும், எத்தனை வினாடி குறையும் என்று பார்த்துவிட்டு, பதிலை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு பக்கத்துக்குப் பதில் இவ்வளவு போதும்:

"ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஒரு புதிய இன்ஸ்பெக்டர் பணியிடம் கோருகிறேன், இது யாரும் விலகிய இடம் அல்ல. தினசரி வேலை 1,530 நிமிடம். மூவரிடம் இருப்பது 1,260. லீவையும் சேர்த்தால் பற்றாக்குறை 343 நிமிடம், அதாவது 0.82 ஆள். இதை மாதம் 148 மணி ஓ.டி.யில், ரூ.25,600 செலவில் ஈடுகட்டுகிறோம், ஒருவருக்கான ஓ.டி. சட்ட வரம்பைத் தாண்டுகிறது. புதியவருக்கு ஆகும் செலவு ரூ.22,900. கேஜ் மாற்றத்தால் பீஸுக்கு 6 வினாடிதான் குறையும், அதாவது தினம் 90 நிமிடம், பற்றாக்குறை தீராது. சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து வழக்கமான ஓ.டி. இருக்காது."

கேஜ் வரியில் உள்ள 6 வினாடி நான் இட்டது. நீங்கள் அளந்து பார்த்து மாற்றுங்கள். ஓ.டி. ரிஜிஸ்டரின் மூன்று மாத நகலைக் கூடவே இணையுங்கள். பதவிப் பெயர் உங்கள் கம்பெனி கிரேடு பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பெயர் பொருந்தவில்லை என்றால் அதற்கென்றே கோப்பு திரும்பி வரும்.

அன்புடன்,
அண்ணன்