தீபாவளி அழைப்புக்கு முன் மகளுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
5.10.2025

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். தீபாவளி இந்த மாதம் 20ஆம் தேதி, திங்கட்கிழமை. உன் பெரியப்பாவும் அத்தையும் முதல் நாளே இங்கு வந்துவிடுவார்கள். பேத்தியைப் பார்க்க வேண்டும், அவள் வாயால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவரும் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போன தீபாவளியன்று நடந்தது இம்முறை நடக்கக் கூடாது என்பதற்காகவே, போனில் அரைகுறையாகச் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள்தான் கூப்பிட்டோம். உங்கள் நியூஜெர்சியில் அது முதல் நாள் இரவு ஒன்பதரை மணி என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். இங்கே பதினொரு பேர், போன் கைக்குக் கை மாறியது, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு முகம் வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் இருந்த மூன்று வயதுக் குழந்தையிடம் நீயும் பின்னாலிருந்து, "வணக்கம் சொல்லு, பெரிய தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு" என்று நாலைந்து தடவை சொன்னாய். அவள் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்; பிறகு இறங்கிப்போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். "குழந்தைக்குத் தமிழே மறந்துபோச்சு போலிருக்கே" என்று பெரியப்பா சொன்னது உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். அன்றிரவு நீ அழுததை மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாய்.

முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவளுக்கு எதுவும் மறந்துபோகவில்லை. பரிசோதிக்க வந்தவர் எதிரில் நிறுத்தி "சொல்லு" என்றால், முதல் நாள் கடகடவென்று ஒப்பித்த பிள்ளைக்கும் வாய் அடைத்துக்கொள்ளும். "என்னைத் தெரியுதா?" என்ற கேள்வியும் அப்படித்தான். தெரியவில்லை என்றால் தப்பாகிவிடும் என்பது மட்டும் குழந்தைக்குப் புரிகிறது. ஆகவே அது பேசாமல் இருந்துவிடுகிறது. இந்தக் கேள்வியை இம்முறை யாரும் கேட்கக் கூடாது என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக அவரவரே "நான் அத்தைப் பாட்டி வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு பேச்சைத் தொடங்குவார்கள்.

இன்னொன்று, நீ மிகவும் சங்கடப்படும் விஷயம். தாத்தாவிடம் அவள் "நீ சாப்டியா?" என்று கேட்டதும் நீ உடனே குறுக்கிட்டுத் திருத்துகிறாய். அவள் பாதி வார்த்தையில் நின்றுவிடுகிறாள். உங்கள் வீட்டில் அவள் காதில் என்ன விழுகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பார். நீயும் மாப்பிள்ளையும் அவளிடம் "வா, சாப்பிடு, தூங்கு" என்கிறீர்கள். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லி, நீ, வா என்றுதான் பேசிக்கொள்கிறீர்கள். அந்த வீட்டுக்குள் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று பேசப்படுவதற்கு உரிய பெரியவர்கள் யாருமே இல்லை. நீ இங்கே வளர்ந்தபோது, நான் உன் பாட்டியிடம் பேசியதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டாய். யாரும் உனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அந்தப் பேச்சு கேட்கும் ஒரே இடம் எங்களோடு நீ பேசும் அந்தச் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் நீ போனை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாய்.

ஆகவே முதலில் நீ பேசு. அவளை மடியிலோ பக்கத்திலோ உட்கார வைத்துக்கொண்டு, நீயே முழுதாக, "வாங்கப்பா, காபி குடிச்சீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கட்டும். அவள் "நீ சாப்டியா" என்று கேட்டால், அப்பா வழக்கம்போல் "சாப்பிட்டேன்டா கண்ணு" என்று பதில் சொல்லட்டும், அடுத்த வாக்கியத்தில் நீ உன் வாயால், "ஆமாப்பா, என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடர்ந்தால் போதும். அதுவே திருத்தம். ஆகஸ்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளில் நீ எதேச்சையாக இப்படிப் பேசிய மூன்று தடவையும் அவள் தானாக வாய் திறந்தாள் என்பதைக் கவனித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு நீளமான வார்த்தைகள் எதுவும் வேண்டாம். வீடியோவில் முகம் தெரிந்ததும் "வாங்க தாத்தா" என்று கூப்பிடுவது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது, முடிக்கும்போது "வெச்சிடட்டுமா?" என்று கேட்பது, இந்த மூன்றும் வந்துவிட்டால் நம் உறவில் யாருக்கும் மனக்குறை இருக்காது. நம் பெரியவர்கள் எதிர்பார்ப்பது வணக்கம் என்ற சொல்லை அல்ல. சாப்பிட்டாயா என்று நம்மைக் கேட்டு வளர்த்தவர்கள், அதே கேள்வியைக் குழந்தை வாயால் கேட்டால் நெகிழ்ந்துபோகிறார்கள்.

பேச வராத நாளில் கையில் ஒரு பொருள் இருக்கட்டும். செப்டம்பரில் அவள் ஒரு மஞ்சள் இலையைக் கொண்டுவந்து திரையில் ஒட்டிக்காட்டியது நினைவிருக்கிறதா? எங்களுக்கு மஞ்சளாக ஏதோ மறைத்ததுதான் தெரிந்தது. அப்பா "ஒண்ணும் தெரியலையே" என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. நாங்கள் திரைக்குள் இருப்பதாக அவள் நினைக்கிறாள். காமிரா என்ற புள்ளி மேலே தனியாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டை ஒட்டி, "இதுதான் தாத்தாவோட கண்ணு, இதுகிட்டே காட்டு, ஒரு முழம் தள்ளிக் காட்டு" என்று சொல்லிக்கொடு. திரையின் ஓரத்தில் அவள் முகம் தெரியும் சிறிய கட்டத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடு. அது தெரியும்வரை அவள் தன்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனை நீ கையில் பிடித்தால் அவள் நெற்றியும் கூரையும்தான் எங்களுக்குத் தெரிகின்றன. தாழ்வான மேசையில், அவள் கண் மட்டத்துக்கு, அரிசி டப்பாவில் சாய்த்து வை. ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டிவிடும் என்பது உனக்கே தெரியும்.

நாங்கள் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது காத்திருப்பது. பேச்சு அங்கே வந்து சேரச் சற்று நேரம் ஆகிறது. அதைக் கேட்டு, புரிந்து, தமிழில் வார்த்தை தேடி அவள் பதில் சொல்வதற்குள் அப்பா அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இரண்டு பேச்சும் மோதி, இரண்டும் கேட்காமல் போகிறது. ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரமாக விரலை மடக்கி எண்ணுகிறார்.

இனி தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். 19ஆம் தேதி ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, அவள் தோசை சாப்பிட்டு முடித்த பிறகு, நீ கூப்பிடு. எங்களுக்கு அப்போது மாலை ஆறு மணி. திரையில் பெரியப்பா மட்டும் இருப்பார். ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம். அத்தையோடு பேசுவதை அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்; அவரும் அதுவரை இங்கேதான் இருப்பார். இருவருடைய படத்தையும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறேன். அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே ஒரு செய்தியைச் சொல்லி வை. பெரியப்பா வீட்டில் பத்து நாள் கன்றுக்குட்டி இருக்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. "பெரிய தாத்தா, கன்னுக்குட்டி எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டால், அவர் உடனே கொட்டிலில் எடுத்த வீடியோவைக் காட்டுவார், பெயரையும் அவளையே வைக்கச் சொல்லப்போகிறார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பேசச் சொல்ல வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை உங்கள் காலை ஏழு மணிக்கு, எண்ணெய்க் குளியல் முடிந்து அவள் பள்ளிக்குக் கிளம்பும் முன், மூன்று நிமிடம் போதும். "கங்கா ஸ்நானம் ஆச்சா தாத்தா?" என்ற கேள்வியைத் தலையில் எண்ணெய் வைக்கும்போதே அவளோடு நாலு தடவை சொல்லி விளையாடு. அப்பா "ஆச்சு, உனக்கு ஆச்சா?" என்பார். கேள்வியும் பதிலும் தயாராக இருக்கும் பண்டிகை இது. குழந்தைக்கு இதைவிடச் சுலபமான விசாரிப்பு வேறு இல்லை.

பிறகு அவள் நமஸ்காரம் பண்ணுவாள். அவள் பிறந்த நாளன்று மேசைமேல் போனை வைத்துவிட்டுத் தரையில் விழுந்தபோது, எங்களுக்குச் சுவர்தான் தெரிந்தது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இம்முறை போனைத் தரையிலேயே, எதிர்ச் சுவரில் சாய்த்து, நாலைந்து அடி தள்ளி வை. அப்பா ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து, அவர் கையாக நீ அவள் தலையில் அட்சதையைப் போடு, நெற்றியில் திருநீறு பூசு. ஆசீர்வாதம் தொடாமல் முடிந்துவிடக் கூடாது.

சின்னவனைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பதினான்கு மாதக் குழந்தைக்குத் திரை ஆகாது என்று நீ தயங்குவது சரிதான். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016இல் சொன்ன ஆலோசனையில், 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. அவன் எங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டாம். நான் முந்தானையால் முகத்தை மூடி "பாட்டியைக் காணோமே" என்றதும், நீ அங்கே ஒரு துண்டால் உன் முகத்தை மூடு. நான் திறக்கும்போது நீயும் திற. போன வாரம் மூன்றாவது தடவையில் அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான்; நான்காவது தடவை அழ ஆரம்பித்தான். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கடைசியில் ஒன்று. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சை முடித்துவிடு. சலித்துப்போய்த் திடீரென்று எழுந்து ஓடினால் இங்கே உள்ளவர்களுக்கு மனது கஷ்டமாகிறது. அப்படி ஓடிய பிள்ளையை நீ இழுத்து வந்து நிறுத்தினால் அடுத்த வாரம் அவள் போனைக் கண்டாலே ஓடுவாள். சிவப்புப் பொத்தானை அழுத்தும் வேலையை அவளிடமே கொடு. "வெச்சிடட்டுமா தாத்தா?" என்று கேட்டு, அப்பா "வெச்சிடு கண்ணு" என்று சொன்ன பிறகுதான் அழுத்த வேண்டும் என்று பழக்கு. பெரியப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் கேள்வி வரும்வரை காத்திருப்பார்.

அன்புடன்,
அம்மா