வங்கிக்குப் போகும் சம்பளக் கோப்பை நோட்பேடில் திருத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஓணம் போனஸ் போட்ட வாரத்தில் நம் வாடிக்கையாளர் ஒருவர் நம் மென்பொருளில் எடுத்து அனுப்பிய சம்பளக் கோப்பை வங்கி முழுதாகத் திருப்பி அனுப்பியது. நாற்பது பேருக்கும் இரண்டு நாள் தாமதம். எங்கே பிழை நடந்தது என்று பலர் கடைக்கு வந்து கேட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

அந்த வங்கியின் பழைய கணினிக்கு நம் கோப்பில் காற்புள்ளியோ கட்டமோ கிடையாது. இடத்தை எண்ணித்தான் அது படிக்கும். ஒரு வரிக்கு 53 இடம். முதல் 15 கணக்கு எண். அடுத்த 20 பெயர். இடது ஓரத்தில் தொடங்கி மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். 36 முதல் 47 வரை தொகை, பைசாவில், புள்ளி இல்லாமல், வலது ஓரம் ஒட்டி, முன்னால் பூஜ்ஜியம் வைத்து. கடைசி 6 வரிசை எண். 18,500 ரூபாய் வாங்கும் ஒருவரின் வரி இப்படி இருந்தது (கணக்கு எண்ணை மாற்றியிருக்கிறோம்):

```
000000000012345SELVAMM             000001850000000014
```

பெயரில் ஒரு M கூடுதல். அதைப் பார்த்த கணக்குப்பிள்ளை நோட்பேடில் திறந்து ஒரு M-ஐ அழித்துச் சேமித்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. வங்கி வழக்கம்போல 36இலிருந்து 12 இடம் படித்தது. தொகையின் முதல் பூஜ்ஜியம் வெளியே போய், வரிசை எண்ணின் முதல் பூஜ்ஜியம் உள்ளே வந்தது. கிடைத்தது 000018500000, அதாவது 1,85,000 ரூபாய். எழுத்து ஏதாவது கலந்திருந்தால் கணினி உடனே மறுத்திருக்கும். இது சுத்தமான எண், அதனால் சந்தேகமே வரவில்லை.

காப்பாற்றியது கோப்பின் கடைசி வரி. அதில் மொத்தத் தொகை இருக்கும். வங்கி கூட்டிப் பார்த்தபோது 1,66,500 ரூபாய் அதிகம் வந்தது. அந்த வித்தியாசத்தை 9ஆல் வகுத்தால் 18,500. பத்து மடங்கானது எந்தச் சம்பளம் என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். பழைய பேரேட்டுக் கணக்கர்களுக்கு இந்த வித்தை தெரியும்.

இனி எங்கள் பக்கத்துத் தவறு. பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ பதிவு செய்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். எங்கள் பழைய நிரல் 20 எழுத்துக்குறி வரும்வரை வெற்றிடம் சேர்த்தது. வங்கியோ பைட்டை, அதாவது கணினி சேமிக்கும் அளவின் அலகை, எண்ணுகிறது. ‘முருகன்’ கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு உகரக் குறிகளும் புள்ளியும் தனித்தனி, ஆக ஏழு குறி. எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. நாங்கள் 13 வெற்றிடம் சேர்த்ததும் 20 பைட் இருக்க வேண்டிய பெயர் 34 ஆகிவிட்டது. தொகை 14 இடம் வலப்பக்கம் போய்விட்டது. இந்த வகை வரிகளை வங்கி மறுத்துவிடும், பணம் தவறிப் போகாது. ஆனாலும் அலைச்சல் உங்களுக்குத்தானே.

இன்னொன்று, 20க்குக் குறைந்தால் நிரப்பத் தெரிந்த அந்த நிரலுக்கு, மிஞ்சினால் நிறுத்தத் தெரியாது. SUBRAMANIAM PALANISAMY என்றால் 22. இரண்டு எழுத்து தொகைக்குள் நுழைந்துவிடும். புதிய பதிப்பில் பெயருக்கான பகுதி இதுதான்:

```
b = name.encode("ascii")
if len(b) > 20:
    raise ValueError(name)
field = b.ljust(20)
```

தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும், 21ஆவது இடம் வந்தாலும் இது நின்றுவிடும். நாங்களே வெட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். எந்த இனிஷியலை விடுவது, பாஸ்புக்கில் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் திரையில் அந்தப் பெயரைக் காட்டி உங்களிடமே கேட்கும்.

சரி, அனுப்பும் முன் நீங்கள் எப்படிப் பார்ப்பது? நோட்பேடில் வரியின் கடைசியில் கர்சரை வைத்தால் கீழே Col 54 என்று காட்ட வேண்டும். 53 என்றால் ஓரிடம் குறைகிறது. ஆனால் தமிழ்ப் பெயர் இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், 54 என்றே காட்டும். அதற்குக் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு வரியும், வரி முடிவுக் குறி இரண்டும் சேர்ந்து, 55 பைட். நாற்பது பேர், கடைசி மொத்த வரி ஒன்று, ஆக 2,255. ஒரே ஒரு ‘முருகன்’ இருந்தால் 2,269 காட்டும்.

பெயரில் பிழை கண்டால் நம் மென்பொருளில் திருத்தி, கோப்பைப் புதிதாக எடுங்கள். புதிய பதிப்பைப் போட ஞாயிறு தவிர எந்த நாளும் பென்டிரைவோடு வரலாம். வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்கள் சொல்லிவிட்டால் நாங்களே வந்து போட்டுத் தருகிறோம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை கம்ப்யூட்டர் கடையிலிருந்து