'6–11' காலுறைகளை ஏன் நிறுத்தினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஷூ எண் 6 முதல் 11 வரை போடுபவர்களுக்கென '6–11' என்று ஒரே அளவில் வரும் பருத்திக் காலுறைகளை இம்மாதம் முதல் எங்கள் கடையில் விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அவற்றுக்குப் பதிலாக '6–8', '9–11' என இரண்டு அளவுகள் வைத்திருக்கிறோம். ஒரே பாக்கெட்டை வாங்கி வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளும் வசதி போய்விட்டதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு உரிய விளக்கத்தைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

நம் ஊரில் வழக்கத்தில் உள்ள பிரிட்டன் ஷூ அளவில், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். 6-க்கும் 8-க்கும் இடையே 17 மில்லிமீட்டர்தான் வருகிறது. அதைக் காலுறையின் இழுவை தாங்கிக்கொள்ளும். ஆனால் 6-க்கும் 11-க்கும் இடையே 4 சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம் உண்டு. அவ்வளவு துணி சிறிய பாதத்தில் எங்காவது மடிந்து கிடக்க வேண்டும், அல்லது பெரிய பாதத்தில் இழுபட்டு வர வேண்டும்.

இழுபடும் துணிதானே, வந்துவிடாதா என்று கேட்கலாம். பின்னல் துணியை அகலவாட்டில் இழுத்தால் நீளவாட்டில் அது சுருங்கிக்கொள்ளும். ஒரு காலுறையை இரு கைகளாலும் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தாலே இது தெரியும். நீளமான பாதம் பெரும்பாலும் அகலமாகவும் இருப்பதால், நீளம் அதிகம் தேவைப்படும் அதே காலில்தான் காலுறையின் நீளம் குறைந்துபோகிறது. அதோடு, குதிகாலுக்கென்று பின்னப்படும் பை ஓரிடத்தில் நிலையாக இருப்பது. காலுக்குத் தகுந்தபடி அது நகர்ந்துகொள்ளாது.

சென்ற ஆண்டு ஒரு தந்தையும் மகனும் '6–11' பாக்கெட் ஒன்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தந்தையின் ஷூ 11, மகனுடையது 6. சில வாரங்களில் இருவரும் காலுறைகளோடு கடைக்கு வந்தார்கள். தந்தையின் காலுறையில் குதிகால் பை பாதத்தின் அடிப்பக்கத்துக்கு இறங்கியிருந்தது. பெருவிரல் முனையில் துணி வலைபோல் மெலிந்து ஓட்டை விழுந்திருந்தது. மகனுக்கோ அந்தப் பை கணுக்காலுக்கு மேலே ஷூவுக்கு வெளியே புடைத்து நின்றது. விரல் நுனியில் மிஞ்சிய துணி சுருண்டு, சுண்டுவிரலில் கொப்புளம் கண்டிருந்தது. துணியிலும் தையலிலும் ஒரு குறையும் இல்லை. அந்த அளவை இருவருக்கும் ஏற்றது என்று சொல்லி விற்ற தவறு எங்களுடையது.

ஆகவே காலுறையைப் போட்டவுடன் முதலில் குதிகாலைப் பாருங்கள். பை மேலேறியிருந்தால் காலுறை பெரிது; அடியில் இறங்கியிருந்தால் சிறிது. ஷூ போட்டுக் கொஞ்ச தூரம் நடந்த பிறகும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் நிற்கும்போது சரியாக இருப்பது நடையில் நழுவக்கூடும். உங்கள் எண் வரம்பின் நடுவில் இருந்தால் கவலையில்லை. 8 அல்லது 9 போடுபவருக்கு '6–11' கூட ஓரளவு பொருந்திவிடும். இடர்ப்பாடெல்லாம் இரு ஓரங்களில் இருப்பவர்களுக்குத்தான். ஷூ பெட்டியில் பல நாட்டு எண்கள் இருந்தால், காலுறை அட்டை எந்த நாட்டு அளவைச் சொல்கிறதோ அதையே பாருங்கள். ஆண்களுக்கான அமெரிக்க எண் பிரிட்டன் எண்ணைவிடப் பொதுவாக ஒன்று கூடுதலாக இருக்கும். '39–42' என்று இருந்தால் அது ஐரோப்பிய அளவு. அதன் மொத்த வித்தியாசம் 2 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால் நல்ல வரம்பு.

குதிகால் பை இல்லாமல் நேர்க்குழாயாகப் பின்னிய காலுறைகளுக்கும், மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்ஸுக்கும் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. நழுவுவதற்கு அவற்றில் பை இல்லை, அல்லது இழுவை மிக அதிகம். இடுப்புவரை வரும் ஸ்டாக்கிங்ஸை உயரமும் இடுப்புச் சுற்றளவும் பார்த்தே வாங்க வேண்டும்.

நரம்புச் சுருட்டலுக்கு மருத்துவர் எழுதித்தரும் அழுத்தக் காலுறைகள் முற்றிலும் வேறு. அவற்றுக்குக் கணுக்காலின் மிக ஒடுங்கிய இடத்தையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தையும், வீக்கம் ஏறுவதற்கு முன் காலையிலேயே நாடாவால் அளந்து, அட்டையிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஷூ எண் ஒன்றை மட்டும் சொல்லி இவற்றைக் கேட்பவர்களுக்கு நாங்கள் விற்பதில்லை.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கிய '6–11' பாக்கெட் பிரிக்கப்படாமல் இருந்தால் கொண்டுவாருங்கள், உரிய அளவில் மாற்றித் தருகிறோம். வரும்போது தினமும் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு வந்தால், கடையிலேயே நடந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடைப் பொறுப்பாளர்