வெட்டப்பட்ட சலாகைகளும் இரட்டை அச்சும்: தமிழ் நாளிதழ்களின் பொருளாதாரப் பக்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழ்களின் பொருளாதாரப் பக்க ஆசிரியர்களுக்கும் பக்க வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு மாலை வகுப்பில் வணிகப் புள்ளிவிபரவியல் கற்பிக்கிறேன். 2025 ஜனவரியில் ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில் வழமையான பலசரக்குக் கடைக்குள் நுழைந்தபோது, எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் மடித்த பத்திரிகையைக் கல்லாவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி, இந்தப் படத்தைப் பாரும். டொலரும் விழுந்திட்டுது, விலைவாசியும் விழுந்திட்டுது எண்டு போட்டிருக்கு. நீர் மட்டும் ஏன் பருப்பைப் பழைய விலைக்கே விக்கிறீர்?" கடைக்காரர் முகம் வாடிப்போய், "அம்மா, எனக்கு வாற விலை குறைஞ்சால்தானே நான் குறைக்கலாம்" என்றார். அம்மா நம்பவில்லை. அவர் பார்த்த படம் அப்படி.

அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப்போய் அடிமட்டம் வைத்து அளந்தேன். எந்தப் பத்திரிகை என்று எழுதப்போவதில்லை. இந்தப் பிழை ஒரு பத்திரிகைக்கு மட்டும் உரியதல்ல.

படத்தில் மூன்று சலாகைகள், ஒரு கோடு. ஆண்டிறுதியில் ஒரு அமெரிக்க டொலர் எத்தனை ரூபா என்பதைச் சலாகைகள் காட்டின: 2022 டிசம்பரில் 363, 2023 டிசம்பரில் 324, 2024 டிசம்பரில் 293. அதே மூன்று மாதங்களில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் எவ்வளவு என்பதைச் சிவப்புக் கோடு காட்டியது: 57.2, 4.0, கடைசியில் மறை 1.7 சதவீதம். எண்களில் பிழையில்லை. பிழை முழுவதும் அச்சுகளில் இருந்தது.

முதலில் சலாகைகள். 9 சென்றிமீற்றர் உயரமான இடப்பக்க அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை, 280இல் தொடங்கி 370இல் முடிந்தது. அதனால் சலாகைகளின் உயரம் 8.3, 4.4, 1.3 சென்றிமீற்றர் என்று வந்தது. கடைசிச் சலாகை முதலாவதின் ஆறிலொரு பங்குகூட இல்லை. ஆனால் 363 ரூபா 293 ஆனது 19 சதவீத இறக்கம், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. கண்ணுக்குப்பட்ட இறக்கமோ 84 சதவீதம். அந்த அம்மா அச்சிலிருந்த சின்ன எழுத்தை வாசிக்கவில்லை. யாரும் வாசிப்பதில்லை. சலாகை வரைபில் கண் நீளத்தைத்தான் ஒப்பிடுகிறது. அடிப்பாகத்தை வெட்டிவிட்டால் மிஞ்சிய நீளத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அதே 9 சென்றிமீற்றர் உயரத்துக்குள் பூச்சியத்திலிருந்து 370 வரை அச்சை வைத்து நான் திரும்பக் கீறியபோது சலாகைகள் 8.8, 7.9, 7.1 என்று நின்றன. இறக்கம் அப்போதும் தெரிகிறது, ஆனால் அதன் உண்மையான அளவில்.

இதை மென்பொருளின் தலையில் போடவும் முடியாது. எக்செல் தானாக அச்சு அமைக்கும்போது, மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரியதின் ஆறிலொரு பங்கைவிடக் குறைவாக இருந்தால்தான் பூச்சியத்தை விட்டு மேலே தொடங்கும். இங்கே வித்தியாசம் 70 ரூபா, 363இன் ஆறிலொரு பங்கு 60 ரூபா சொச்சம். எக்செல்லில் கீறியிருந்தால் அது பூச்சியத்திலேயே தொடங்கியிருக்கும். அப்படியானால் 280ஐ ஒருவர் கையால் வைத்திருக்க வேண்டும், அல்லது பழைய படமொன்றின் அமைப்பு அப்படியே பிரதியாகியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பக்கம் முடிக்கிற அவசரத்தில் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பூச்சியத்தில் தொடங்க வேண்டும் என்பது சலாகைக்கு உரிய விதி. கோட்டு வரைபில் கண் சரிவைப் பார்க்கிறது, நீளத்தை அல்ல. காய்ச்சல்காரரின் உடல் வெப்பநிலையைப் பூச்சியத்திலிருந்து கீறினால் 37க்கும் 40க்கும் வித்தியாசமே தெரியாது. டொலரை மாதாமாதம் கோடாகக் கீறி 280இல் தொடங்கினால், அதை வாசகருக்குத் தெரியும்படி எழுதியிருக்கும்வரை, நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்தது இரட்டை அச்சு. பெரிய சேதம் செய்தது இதுதான். வலப்பக்க அச்சு மறை 10இலிருந்து 60 வரை போனது. அந்த அளவுத்திட்டத்தில் சிவப்புக் கோட்டின் முதற்புள்ளி 8.6 சென்றிமீற்றர் உயரத்திலும் கடைசிப் புள்ளி 1.1 சென்றிமீற்றர் உயரத்திலும் விழுந்தன. பக்கத்திலிருந்த சலாகைகள் 8.3, 1.3. இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போலத் தோன்றின. மேலே தலைப்பும் அதையே சொன்னது: டொலரோடு சேர்ந்து விலைவாசியும் இறங்கிவிட்டது.

என் மாணவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஓர் அச்சின் தொடக்கத்தையும் முடிவையும் உங்கள் விருப்பப்படி வைக்கலாம் என்றால் உங்கள் கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அந்த இரண்டு எண்களைக் கொண்டு, இறங்குகிற எந்த இரு தொடர்களினதும் முதற்புள்ளிகளையும் கடைசிப் புள்ளிகளையும் எப்போதும் பொருத்திவிடலாம். ஆகவே முனைகள் பொருந்துவது தரவைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. இந்தப் படத்தில் தரவு தானாகப் பேசக்கூடிய ஒரே இடம் நடுப்புள்ளி. அங்கே சலாகை 4.4, கோடு 1.8. பொருந்தவே இல்லை. அதே வலப்பக்க அச்சை மறை 10இலிருந்து 200 வரை நீட்டிப் பாருங்கள். சிவப்புக் கோடு மூன்று சென்றிமீற்றருக்குள் சுருங்கிப் படத்தின் காலடியில் ஊரும். அப்போது அதே எண்களுக்கு மேல் "டொலருக்கும் பணவீக்கத்துக்கும் தொடர்பில்லை" என்று தலைப்புப் போடலாம்.

அதைவிட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. டொலர் விலை ஒரு மட்டம். பணவீக்கம் ஒரு மாற்ற வீதம், அதாவது போன வருடம் இதே மாதத்திலிருந்து விலை எவ்வளவு கூடியது என்பது. பணவீக்கம் 57.2இலிருந்து 4.0க்கு இறங்கினால் விலை இறங்கியதாக ஆகாது. ஏற்கெனவே ஏறிய விலைக்கு மேல் இன்னும் 4 சதவீதம் ஏறியது என்பதுதான் பொருள். கடைசியில் மறை 1.7 வந்தபோதுதான் விலை கொஞ்சம் இறங்கியது. கடைக்காரரைக் குற்றவாளியாக்கியது, கீழே போன அந்தச் சிவப்புக் கோடு.

நேர்மையாகக் கீற வேண்டுமானால் இரண்டையும் ஒரே இனமாக்க வேண்டும். இரண்டையும் மட்டமாக மாற்றி, ஒரு தொடக்க மாதத்தில் இரண்டையும் 100 என்று வைத்து, ஒரே அச்சில் கோடுகளாகக் கீறலாம். தொடக்கமாக நான் 2021 டிசம்பரை எடுத்தேன். அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா 40 சதம். விரிதாளில் B நிரலில் டொலர் விலை, C நிரலில் பணவீக்கம், இரண்டாம் வரியில் 2021 டிசம்பர். D2, E2 கலங்களில் 100 என்று எழுதிவிட்டு D3, E3 கலங்களில் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=B3/B$2*100
=E2*(1+C3/100)
```

டொலர் 100, 181, 162, 146 என்று வருகிறது. விலைமட்டம் 100, 157, 163, 161 என்று வருகிறது. இப்போது படத்தைப் பாருங்கள். டொலர்க் கோடு மலைபோல் ஏறி, பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் நன்றாகவே இறங்குகிறது. விலைக் கோடு ஏறி மேலேயே நின்றுவிட்டது. 2021 டிசம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை 2024 டிசம்பரில் ஏறத்தாழ 161 ரூபா. அந்த அம்மாவின் கையிலிருந்த பத்திரிகை இதற்கு நேரெதிராகச் சொன்னது.

இந்தப் படத்திலும் ஒருவர் விளையாடலாம், அதையும் மறைக்கக் கூடாது. தொடக்கத்தை 2022 டிசம்பருக்கு மாற்றினால் டொலர் 100, 89, 81. விலை 100, 104, 102. டொலர் விழ விழ வியாபாரிகள் விலையைப் பிடித்துவைத்தது போல் தெரியும். 2021இலிருந்து பார்த்தால், டொலர் 81 சதவீதம் ஏறிய வருடத்தில் விலைமட்டம் 57 சதவீதமே ஏறியது என்பதும் கண்ணில் படுகிறது. எந்த மாதத்தை 100 ஆக்குகிறோம் என்பதே யார் மீது பழி விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2021 டிசம்பரை நான் எடுத்ததற்குக் காரணம், 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிடுவதற்கு முந்திய ஆண்டிறுதி அது. அப்போதைய 200 ரூபா, பிடித்துவைக்கப்பட்ட விலை என்பதையும் படத்தின் அடியில் எழுத வேண்டும்.

இன்னொரு குறிப்பும் அடியில் வரவேண்டும். சுட்டெண்ணின் அடியாண்டு 2023 தொடக்கத்தில் 2013இலிருந்து 2021க்கு மாறியது. 57.2 பழைய அடியாண்டுக்கு உரியது, அடுத்த இரண்டும் புதியதற்கு உரியவை. ஆகவே நான் கோத்த 157, 163, 161 ஏறத்தாழவானவை. ஒன்றிரண்டு புள்ளி அசையலாம், கோட்டின் வடிவம் மாறாது. ஏன் விலை இறங்கவில்லை என்பதையும் இந்தப் படம் சொல்லாது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானது போன்ற காரணங்களைக் கட்டுரையில்தான் எழுத வேண்டும். பருப்பின் கதையும் இதில் இல்லை. இது முழுக் கூடையின் சராசரி.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். சலாகை கீறினால் அச்சைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். வலப்பக்கத்தில் இரண்டாவது அச்சு போடக் கை போகும்போது, அதற்குப் பதிலாக இரண்டு தனிப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கால அச்சில் போடுங்கள். இட நெருக்கடி இருந்தால் மேலே சொன்னபடி 100இலிருந்து தொடங்குங்கள், தொடக்க மாதத்தைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். பணவீக்கத்தைப் போடும்போது "ஒரு வருடத்தில் விலை கூடிய வீதம்" என்று கோட்டின் மேலேயே ஒட்டுங்கள்.

திருத்திக் கீறிய படத்தையும் விரிதாளையும் இம்மடலோடு அனுப்பியிருக்கிறேன். பெயர் போடாமல் அப்படியே பிரசுரிக்கலாம். முதற்படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வந்தால், அந்தக் கடைக்காரரிடம் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வணிகப் புள்ளிவிபரவியல் ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06