எட்டுப் பேரில் ஒருவர் கட்டாயம் கீழே இருக்க வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

மேனேஜரான முதல் வருடமே இந்தச் சங்கடம் உன் தலையில் விழுந்திருக்கிறது. டீமில் இருக்கும் எட்டுப் பேருமே ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் ஒருவரைக் கடைசி ரேட்டிங்கில் போட்டே ஆகவேண்டும் என்று ஹெச்.ஆரில் சொல்கிறார்கள், யாரைப் போடுவது என்று கேட்டிருந்தாய். முதலில் அப்படி ஒருவர் உன் டீமில் இருக்கிறாரா என்று பார்த்துவிடுவோம்.

கம்பெனி முழுக்க நூற்றுக்குப் பத்துப் பேர் நிஜமாகவே சரியாக வேலை செய்வதில்லை என்று வைத்துக்கொள். அந்தப் பத்து யாரும் அளந்து சொன்ன எண் இல்லை. சரி, கணக்குக்காக ஒப்புக்கொள்வோம். அவர்கள் எல்லா டீமிலும் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறியிருக்கிறார்கள் என்றால், ஒருவர் நன்றாக வேலை செய்பவராக இருக்க வாய்ப்பு 0.9. எட்டுப் பேருமே அப்படி இருக்க, 0.9ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். 0.43 வரும். உன்னுடையதைப் போல 100 டீம்களை எடுத்தால், சுமார் 43 டீம்களில் கடைசி ரேட்டிங்குக்கு உரியவர் ஒருவர்கூட இல்லை. சரியாக ஒருவர் இருப்பது 38 டீம்களில். மிச்சமுள்ள 19ல் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருப்பார்கள்.

'டீமுக்கு ஒருவர்' என்ற விதி இந்த 38 டீம்களுக்குத்தான் பொருந்துகிறது. அதிலும் மேனேஜர் சரியான ஆளைக் காட்டியிருக்க வேண்டும். 43 டீம்களில் தப்பே செய்யாத ஒருவர் மாட்டிக்கொள்கிறார், 19 டீம்களில் மாட்டவேண்டியவர் தப்பிக்கிறார். இந்த விதிக்குப் பின்னால் இருப்பது, பெரும்பாலானவர்கள் நடுவிலும் சிலர் மட்டும் மேலும் கீழும் இருப்பார்கள் என்கிற மணி வடிவ வளைவு. அது ஏராளமான பேரை ஒன்றாக அளக்கும்போது தெரியக்கூடிய ஒரு வடிவம். வேலைத்திறன் எல்லா இடத்திலும் அந்த வடிவத்தில்தான் இருக்கும் என்பதே நிச்சயமில்லை. அதை எட்டுப் பேர் மேல் அச்சாக வைத்து அழுத்தினால் யாராவது நசுங்கத்தான் செய்வார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தாய். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைமையில் இருந்தபோது, மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று ஆட்களைப் பிரித்தார்கள். கீழே உள்ள பத்து வெளியே போகவேண்டியவர்கள். பல வருடம் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட பெரிய நிறுவனத்தில் முதல் ஓரிரு வருடம் இது பலன் தரக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. அவர்கள் போன பிறகும் பத்து சதவீதக் கணக்கு மாறாமல் நிற்பதுதான் பிரச்சினை. போன வருடம் நடுவில் இருந்தவர், வேலையில் எந்தக் குறையும் இல்லாமலே இந்த வருடம் கீழே வந்துவிடுகிறார்.

என் கதையைச் சொல்கிறேன். பழைய கம்பெனி ஒன்றில் என் டீமில் ஒரு பெண் இருந்தார். யாருக்கு எது சிக்கினாலும் அவர் மேஜைக்குத்தான் போவார்கள். அவர் திரையில் பாதி நேரம் வேறு யாருடைய வேலையோ திறந்திருக்கும். ரேட்டிங் கூட்டத்தில் எக்செல் தாளைச் சுவரில் போட்டார்கள். அவர் பெயருக்கு நேரே 'முடித்த வேலைகள்' என்ற கட்டத்தில் இருந்த எண், டீமிலேயே சின்னது. "கடைசி ரேட்டிங்குக்கு இன்னும் ஒருத்தர் வேண்டும்" என்றார்கள். நான்தான் அவர் பெயரைக் கீழே இறக்கினேன்.

மறுநாள் அவரிடம் 'தானாக முன்வந்து செய்வது போதவில்லை' என்று சொன்னேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, "ஒரு உதாரணம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்றார். என்னிடம் உதாரணம் இல்லை.

அதன்பின் அவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. யாராவது வந்து நின்றால், "டிக்கெட் போடுங்கள், பார்க்கிறேன்" என்றார், அவ்வளவுதான். முன்பெல்லாம் அவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய தப்புகள் இப்போது வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வந்தன. எந்தத் தாளிலும் அது 'ஒத்துழைப்பு குறைந்தது' என்று பதிவாகவில்லை. மற்றவர்களும் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். மேலே இருக்கும் ஓர் இடத்துக்கு எட்டுப் பேர் என்றால், பக்கத்தில் இருப்பவரைத் தூக்கிவிடுவது நம்மை நாமே இறக்கிக்கொள்வது. அதைத் தெரிந்துகொள்ள யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

உன் டீமிலும் இது தொடங்கிவிட்டதா என்று பார். பொதுக் குழுவில் கேட்டுக்கொண்டிருந்த சந்தேகங்கள் தனிச் செய்திக்குப் போயிருக்கும். ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் இடத்தில் 'ஓகே' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சும். சாதாரண மின்னஞ்சலிலும் உன் பெயரைச் சேர்த்து அனுப்புவார்கள். கெட்டிக்காரர்கள் இருக்கும் டீமுக்கு மாறச் சொன்னால் நல்ல ஆட்கள் தயங்குவார்கள். மேனேஜர்கள் பக்கமும் பார்: நீண்ட விடுப்பில் இருந்தவர், புதிதாகச் சேர்ந்தவர் என்று எதிர்த்துப் பேச முடியாதவர்களே வருடா வருடம் கீழே போவார்கள். அடுத்த ரேட்டிங்குக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று சுமாரான ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளும் மேனேஜரையும் நான் பார்த்திருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. ரேட்டிங்கையும் வளைவையும் எடுத்துவிட்டு, தன் வேலையோடு, மற்றவர்கள் தந்ததை எப்படிப் பயன்படுத்தினார், மற்றவர்களின் வெற்றிக்கு என்ன செய்தார் என்பதையும் பார்ப்போம் என்று அறிவித்தார்கள். பணத்துக்கு வரம்பு இருந்தது. எந்த வகையில் எத்தனை பேர் என்ற வரம்பு மட்டும் போனது.

இந்த வித்தியாசத்தைத்தான் நீ ஹெச்.ஆரிடம் பேச வேண்டும். போனஸுக்கு ஒரு எல்லை இருப்பது நியாயம். அந்த எல்லைக்காக ஒருவருக்கு 'தேறாதவர்' என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. உன் டீமுக்கு 80 பங்கு என்று கொடுக்கட்டும். நீ அதை 14, 11, 11, 10, 10, 9, 8, 7 என்று பிரி. வித்தியாசம் தெரிகிறது, தொகையும் மீறவில்லை, ஏழு வாங்கியவர் தோற்றவரும் இல்லை. வேலை நிஜமாகவே சரியில்லாதவரிடம் அந்த மாதமே பேசவேண்டும், வருடக் கடைசி வரை தள்ளக்கூடாது.

இதிலும் சிக்கல் உண்டு. வளைவை எடுத்தால் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் மேனேஜர்கள் வருவார்கள். 2000ல் வந்த ஓர் ஆய்வில், மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பிட்டவரின் சொந்தப் போக்கால் வந்தது என்று தெரிந்தது. அதனால் மேனேஜர்கள் கூடிப் பேசும் கூட்டம் வேண்டும்தான். ஆனால் அங்கே எண்ணிக்கையை நிரப்பும் வேலை கூடாது. ஒரே வேலையை இரண்டு மேனேஜர்கள் தனித்தனியாக மதிப்பிட்டு, ஏன் வேறுபட்டது என்று பேசட்டும். எது நல்ல வேலை என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சு சுலபம்.

இந்த வாரத்துக்கு வருவோம். விதி இப்போதைக்கு மாறாது என்றால், கடைசி ரேட்டிங்குக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீட்டை எட்டுப் பேருக்குள் வைக்காமல், நான்கைந்து துறைகளைச் சேர்த்து நூறு இருநூறு பேருக்குப் பொதுவாக வைக்கச் சொல். தப்பு முழுக்கப் போகாது, குறையும். உன் எட்டுப் பேரும் யார் யாருக்கு எதில் உதவினார்கள் என்று ஆளுக்கு நாலு வரி எழுதிக்கொண்டு போ. அந்த எக்செல் தாளில் அதற்குக் கட்டம் இருக்காது, வாய்விட்டுச் சொல்.

அதற்கு மேலும் ஒருவரை இறக்கச் சொன்னால், அவர் வேலையில் இல்லாத குறையைக் கண்டுபிடிக்காதே. "ஒதுக்கீட்டுக்காக இது நடந்தது, நான் எதிர்த்தேன், முடியவில்லை" என்று நேராகச் சொல். உதாரணம் கேட்பார், தம்பி. என்னிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அன்புடன்,
உன் பழைய மேனேஜர்