மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதும் பில் படங்களும்: வணிகர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு எனக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், அங்கே சொல்ல நினைப்பதை முன்கூட்டியே எழுத்தில் வைக்கிறேன். உங்களில் பலர் கொள்முதல் பில்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கணக்கு எழுதுபவருக்கு அனுப்பி வருகிறீர்கள். நானும் அப்படி வரும் படங்களைப் பார்த்துக் கணக்கு எழுதுபவன்தான். எல்லாப் படங்களையும் ஒரே முறையில் எடுத்தால் மாதக் கடைசியில் பல மணி நேரம் மிச்சமாகும் என்பது என் அனுபவம்.

மாதக் கணக்கு தாமதமாவதற்குப் பதிவு செய்யும் வேலைதான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஒரு மாதத்தில் 180 பில்கள் வரும் கடையை எடுத்துக்கொள்வோம். தெளிவான படமாக இருந்தால் ஒரு பில்லைப் பதிய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். மொத்தமும் 3 மணி நேரத்தில் முடிந்துவிடும். அவற்றில் 25 படங்கள் மட்டும் சந்தேகத்திற்கு இடமானவை என்றால், ஒவ்வொன்றுக்கும் கடைக்கு அழைத்து, அவர்கள் தாளைத் தேடி எடுத்து, மறுபடி படம் அனுப்பி, நான் விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் 12 நிமிடம் போய்விடும். அது மட்டுமே 5 மணி நேரம். அதாவது 155 நல்ல படங்களை விட 25 மோசமான படங்கள் அதிக நேரத்தை விழுங்குகின்றன.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கடையின் பேரேட்டில், ஒரு சப்ளையருக்கு 540 பாக்கி நின்றது. சப்ளையர் அனுப்பிய கணக்கிலோ பாக்கி எதுவும் இல்லை. 540 என்பது 9-ஆல் மீதியின்றி வகுபடும் எண். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பது கணக்கு எழுதுபவர்கள் அறிந்த பழைய சோதனை. உதாரணமாக, 1,710 என்பதை 1,170 என்று எழுதினால் வித்தியாசம் 540 வரும். ஆகவே எங்கேயோ நான்தான் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன் என்று நம்பி, அந்த மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டேன். இரண்டு மணி நேரம் தேடியும் பிழை அகப்படவில்லை.

பிழை என் பதிவில் இல்லை, படத்தில் இருந்தது. 8,460-க்கான ஒரு பில்லின் அச்சடித்த மொத்தத் தொகை வரைக்கும் படத்தில் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்திற்குத் தாள் வெட்டுப்பட்டிருந்தது. அந்த இடத்தில்தான், சரக்கு இறக்கியபோது சேதமாகியிருந்த இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பியதையும், அதற்காக 540 கழித்ததையும் பேனாவில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கடைக்காரர் சரியாக 7,920 கொடுத்திருந்தார். நான் 8,460-ஐக் கடனாகப் பதிந்திருந்தேன். 9-ஆல் வகுபடுவது எண் இடம் மாறியதற்கு ஓர் அறிகுறியே தவிர உறுதியான சான்று அல்ல என்பதை அன்று நேரத்தைக் கொடுத்துக் கற்றேன். தாளின் நான்கு மூலைகளும் படத்தில் விழுந்திருந்தால் இந்தத் தேடலுக்கே வேலையில்லை.

எனவே என் முதல் வேண்டுகோள், ஒரு படத்தில் ஒரு பில், அதன் நான்கு மூலைகளும் சுற்றிலும் சற்று இடமும் தெரியும்படி எடுங்கள் என்பதே. மடிப்பை நீவிவிட்டு, அடர்நிற மேசையின் மீது வைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்தால் போதும். வெப்பத்தில் அச்சாகும் வழுவழுப்பான பில்களில் பிளாஷ் வெளிச்சம் பட்டால் அந்த இடம் வெள்ளையாகி எண் மறைந்துவிடும். சன்னல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. இந்த வகைத் தாள் வெயிலிலும் சூட்டிலும் நிறம் மங்கக்கூடியது என்பதால், மாதக் கடைசிக்கு என்று சேர்த்து வைக்காமல் பில் கைக்கு வந்த அன்றே படம் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோளே எனக்கு மிக முக்கியமானது. படம் எடுக்கும் முன், பில்லின் வலது மேல் மூலையில் உங்கள் கடையின் வரிசை எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் 1-இலிருந்து தொடங்குங்கள். மங்கலான படம் வந்தால் அது மங்கல் என்று எனக்குத் தெரியும். வராத படத்தை நான் எப்படி அறிவேன்? சப்ளையரின் பில் எண்கள் அவர்களுடைய வரிசையில் வருவதால் அதில் விடுபட்டதைக் கண்டுபிடிக்க வழியில்லை. உங்கள் வரிசையில் 86-க்குப் பிறகு 88 வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடலாம். இதே எண் இன்னொரு தொல்லையையும் தீர்க்கும். காலையில் முதலாளி ஒரு படமும் மாலையில் கடைப் பையன் வேறு கோணத்தில் அதே பில்லின் இன்னொரு படமும் அனுப்பினால், அவசரத்தில் அது இரண்டு கொள்முதலாகப் பதிவாகிவிடுவது உண்டு. இரண்டிலும் மூலையில் 41 என்று இருந்தால் அந்தத் தவறு நேராது.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை உங்கள் மேல் ஏற்ற மாட்டேன். வியாபார நேரத்தில் அது நடவாத காரியம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தின் பெயரில் உள்ள தேதி பில்லின் தேதி அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெயர் மாற்றுவதைக் கணக்கு எழுதுபவரே செய்யட்டும். நான் ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என்ற முறையில் `2024-03-07_041.jpg` என்று வைக்கிறேன். ஆண்டு முதலில் வருவதால் கோப்புகள் தாமாகவே நாள் வரிசையில் நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புவதுதான். இல்லையென்றால் படம் சுருக்கப்பட்டு, நீளமான பில்லின் சிறிய எழுத்துகள் கரைந்து, 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

படம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. தேதியே எழுதாத பில்லை எவ்வளவு தெளிவாக எடுத்தாலும் தேதி வராது. படம் இருக்கிறதே என்று மூலத் தாளை எறிந்துவிடவும் கூடாது; சட்டம் சொல்லும் காலம் வரை அது கோப்பில் இருக்க வேண்டும்.

சங்கத்திடம் நான் கேட்பது ஒன்று உண்டு. உறுப்பினர்களில் பலர் ஒருவருக்கொருவர் சரக்கு விற்பவர்கள். ஒருவரின் விற்பனை பில்லே மற்றவரின் கொள்முதல் பில். ஆகவே பில் கொடுப்பவர்கள் வலது மேல் மூலையை வெற்றிடமாக விடவும், திருப்பிய சரக்குக்கான கழிவைத் தாளின் கீழ் விளிம்பில் எழுதாமல் மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடவும் சங்கம் ஒரு பொது ஏற்பாடாக முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்திற்கு வரும்போது, சென்ற மாதம் நீங்கள் எடுத்த பில் படங்களில் ஏதேனும் பத்தை கைப்பேசியில் வைத்திருங்கள். அவற்றைப் பார்த்தே பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குகளை எழுதுவோரில் ஒருவன்