150 டெனியர் லைனிங் துணி "60 கவுண்டை விட நைஸ்" என்று விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தையல் கடை உரிமையாளர்,
கோபிசெட்டிபாளையம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு.

ஐயா,

60 கவுண்ட் காட்டன் சுடிதார் டாப்புக்கு லைனிங் கொடுக்க உங்களிடம் பாலியஸ்டர் துணி வாங்கினேன். உங்கள் விற்பனைப் பக்கத்தில் "150 நம்பர், 60 கவுண்டை விட நைஸ்" என்று போட்டிருந்தது. வந்த துணி மேல் துணியை விட முரடு. போனில் கேட்டதற்கு, "நம்பர் ஏற ஏற நூல் நைஸ்தானுங்க" என்று பதில் வந்தது.

காட்டன் நூலுக்கு அது சரி. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்குகிறதோ அதுதான் கவுண்ட். ஆகவே நம்பர் கூடினால் நூல் மெலியும். டெனியர் நேர் எதிர்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். 150 என்றால் 150 கிராம், கூடக் கூட நூல் பருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் 5315-ஐ ஒரு நம்பரால் வகுத்தால் மற்றது கிடைக்கும். 60 கவுண்ட் ஏறக்குறைய 89 டெனியர். உங்கள் 150 டெனியர் ஏறக்குறைய 35 கவுண்ட். எனக்குத் தேவைப்பட்டது 75 டெனியர் ரகம், அது 71 கவுண்டுக்குச் சமம்.

பக்கத்தில் 'டெனியர்' என்ற சொல்லே இல்லை, வெறும் 150. அதனால் நானே எடை போட்டேன். துணியிலிருந்து ஊடை நூல்களை உருவி, நெளிவு போக நீவி, சரியாக 10 செ.மீ. அளவில் 90 துண்டு நறுக்கினேன். மொத்தம் 9 மீட்டர். நெளிவோடு அளந்தால் எடை கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதனால்தான் நீவியது. நகைக்கடைத் தராசில் 0.152 கிராம் காட்டியது. ஆயிரத்தால் பெருக்கினால் 152 டெனியர். பாவு நூலும் ஏறக்குறைய அதே எடைதான். ஆக, துணி 150 டெனியர்தான், அதில் குறையில்லை. அதைக் கவுண்ட் போலக் காட்டி விற்றதுதான் குறை.

மென்மைக்கு டெனியர் மட்டும் போதாது என்பதும் தெரியும். 150 டெனியரில் 144 இழை இருந்தால் ஒவ்வொரு இழையும் ஒரு டெனியர் அளவுதான், கைக்கு வழவழப்பாக இருக்கும். 48 இழையானால் இழைக்கு மூன்று டெனியர், விறைப்பு. உங்கள் பக்கத்தில் இழை எண்ணிக்கையும் இல்லை. எத்தனை இழையானாலும் 150 டெனியர் துணி என் டாப்புக்குள் கனமாகத்தான் நிற்கும். ஈரோடு, திருப்பூர் பக்கம் நூல் வாங்குகிறவர்களிடம் இப்படி அலகில்லாமல் ஒரு எண்ணைச் சொன்னால் யாரும் விலை பேச மாட்டார்கள்.

வெட்டாத துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள், அல்லது 75 டெனியர் ரகத்தை மாற்றித் தாருங்கள். வெட்டித் தைத்துப் பிரித்த துணிக்கும் தையல் கூலிக்குமான கணக்கை இணைத்துள்ளேன். பக்கத்தில் அந்த வரியை நீக்கி "150 டெனியர்" என்றும், எத்தனை இழை என்றும் போடுங்கள். உருவிய நூல் துண்டுகளும் ஒரு கை அகலத் துணியும் இத்துடன் வருகின்றன, நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தையல் கடை உரிமையாளர்